ஹிட்டா, வேக நடையா: ஷிப்ட் வேலைக்காரருக்கு ஒரு கணக்கு

"எனக்கு வயது 39, எடை 86 கிலோ, தண்டையார்பேட்டை. ஷிப்ட் வேலை, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நைட். இரண்டு மாதமாக வாரம் ஆறு நாள் 45 நிமிடம் வேகமாக நடக்கிறேன். ஒரு கிலோதான் இறங்கியிருக்கிறது. ஜிம் மாஸ்டர், 'நடையெல்லாம் வேஸ்ட், 20 நிமிடம் ஹிட் பண்ணுங்க, நாள் பூரா கொழுப்பு எரியும்' என்கிறார். மாறிவிடலாமா? வலது முட்டி அவ்வப்போது லேசாக வலிக்கும்."

முழுசாக மாற வேண்டாம். நடையை விடாமல், நைட் இல்லாத வாரங்களில் மட்டும் இரண்டு நாள் ஹிட், அதாவது கொஞ்ச நேரம் கடுமையாக, கொஞ்ச நேரம் மெதுவாக என்று மாறி மாறிச் செய்கிற பயிற்சி, சேர்த்துக்கொள்ளுங்கள். அதையும் ஜிம் சைக்கிளில் செய்யுங்கள், குதித்துச் செய்யாதீர்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் உங்கள் நடையின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். அதில்தான் விஷயம் இருக்கிறது.

86 கிலோ எடையுள்ளவர் 45 நிமிடம் நல்ல வேகத்தில், அதாவது நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தால் செலவாகியிருக்கும் கலோரியைக் கழித்துவிட்டுப் பார்க்கையில் சுமார் 220 கலோரி செலவாகும். டிரெட்மில்லும் கையில் கட்டும் வாட்சும் இதைவிட அதிகமாகக் காட்டலாம். நிறைய கருவிகள் உட்கார்ந்திருந்தாலும் செலவாகிற கலோரியையும் சேர்த்தே காட்டும். ஆறு நாளுக்கு 1320 கலோரி. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7700 கலோரி. அப்படியானால் வாரத்துக்கு 170 கிராம் கொழுப்பு, எட்டு வாரத்துக்கு ஒன்றே கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். உங்களுக்கு ஒரு கிலோ இறங்கியிருக்கிறது. நடை வீணாகவில்லை, அது செய்யக்கூடியதைச் செய்திருக்கிறது. நீங்கள் எதிர்பார்த்த அளவுதான் அதன் சக்திக்கு மீறியது.

இப்போது அதே உடம்புக்கு ஹிட் கணக்கு. பலரும் செய்கிற முறையை எடுத்துக்கொள்வோம்: ஒரு நிமிடம் மூச்சு வாங்க வேகமாக, ஒரு நிமிடம் மெதுவாக, இப்படிப் பத்து சுற்று. 20 நிமிடம். உங்களை மாதிரி இரண்டு மாதம் நடந்தவரால் அந்த வேக நிமிடங்களில் ஓரளவுக்கு மேல் போக முடியாது, உடம்பின் உச்ச வரம்பே அவ்வளவுதான். மெதுவான நிமிடங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்த 20 நிமிடத்துக்கு 160 கலோரி வரலாம். முன்னால் ஐந்து நிமிடம் வார்ம் அப், பின்னால் ஐந்து நிமிடம் மெதுவாகத் தணிப்பது, இவற்றுக்கு ஒரு 35 கலோரி. மொத்தம் 195. "நாள் பூரா எரியும்" என்று மாஸ்டர் சொன்னாரே, அந்த மிச்சச் செலவு நிஜம்தான். கடும் பயிற்சி முடிந்த பிறகும் உடம்பு கொஞ்ச நேரம் கூடுதலாக ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். ஆனால் அளந்து பார்த்தவர்கள் சொல்வது, அது பயிற்சியில் செலவானதில் பத்து சதவீதத்தை ஒட்டியது. உங்கள் கணக்கில் 20 கலோரி. இரண்டு ஸ்பூன் சர்க்கரையில் 40 கலோரி இருக்கிறது, டீக்கடையில் ஒரு கிளாஸில் போடுகிற சர்க்கரை.

ஆக, 30 நிமிட ஹிட் 215 கலோரி, 45 நிமிட நடை 220 கலோரி. ஒரு தடவைக்கு மிச்சமாவது 15 நிமிடம். மாஸ்டர் சொல்கிற 20 நிமிடத்தில் வார்ம் அப் கணக்கில் இல்லை, பயிற்சி முடிந்து வியர்வை அடங்கும்வரை விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரமும் இல்லை.

நான் போட்ட கணக்கோடு ஆய்வுகளும் ஒத்துப்போகின்றன. அதிக எடையுள்ள பெரியவர்களிடம் இரண்டு முறையையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2017-இல் வந்த அலசல் ஒன்று, கொழுப்பும் இடுப்புச் சுற்றளவும் இரண்டிலும் ஒரே மாதிரி குறைந்தன, ஹிட் செய்தவர்களுக்குச் சுமார் 40 சதவீதம் நேரம் குறைவாகச் செலவானது என்று சொன்னது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வாரம் மூன்று நாள், பத்து வாரத்தை ஒட்டி நடந்தவை. நேரத்தில் லாபம், கொழுப்பில் சமம். இதற்கு மேல் ஹிட்டுக்கு மந்திரம் எதுவும் இல்லை.

அந்த "வாரம் மூன்று நாள்" என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். நடையை ஆறு நாளும் செய்யலாம். ஹிட்டை உங்கள் நிலையில் ஆறு நாள் செய்ய முடியாது. கடுமையாகச் செய்த ஒரு நாளுக்கும் அடுத்ததற்கும் நடுவே 48 மணி நேரமாவது வேண்டும், அதனால் மூன்று நாள்தான் உச்சம். மூன்று ஹிட் சேர்ந்து 645 கலோரி, கொழுப்பில் 84 கிராம். உங்கள் நடை தருவதில் பாதிக்கும் கீழே. மாஸ்டர் சொன்னபடி நடையை நிறுத்திவிட்டு ஹிட்டுக்குப் போனால் இரண்டு மாதம் கழித்து இறங்கியிருப்பது ஒரு கிலோகூட இருக்காது.

டபாட்டா என்ற பெயரையும் உங்கள் ஜிம்மில் கேட்டிருப்பீர்கள். 20 விநாடி வேகம், 10 விநாடி ஓய்வு, நாலு நிமிடத்தில் முடிந்துவிடும் என்பார்கள். இசுமி டபாட்டா என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு அது. நல்ல உடற்தகுதியுள்ள மாணவர்கள், ஆய்வகத்து சைக்கிள், ஏழெட்டுச் சுற்றில் மேற்கொண்டு மிதிக்கவே முடியாமல் போகிற அளவு பளு. அவர் அளந்தது உடம்பின் திறனை. கொழுப்பு குறைந்ததா என்பது அந்த ஆய்வின் கேள்வியே இல்லை. மொட்டை மாடி ஜிம்மில் பாட்டைப் போட்டு நாலு நிமிடம் பர்பி குதிப்பதற்கும் அதற்கும் 20, 10 என்ற எண்கள் மட்டுமே பொது.

இனி ஓய்வு. ஷிப்ட் வேலை பார்ப்பவருக்குக் கலோரியைவிட இதுதான் பெரிய விஷயம். கடும் பயிற்சியின் பலன் பயிற்சி நேரத்தில் வருவதில்லை, அதற்கப்புறம் தூங்கும்போதுதான் உடம்பு அதைச் சரிசெய்து வலுவாக்குகிறது. நைட் முடிந்து காலையில் வீடு திரும்பி, தெருச் சத்தத்திலும் வெயிலிலும் ஐந்து மணி நேரம் துண்டு துண்டாகத் தூங்குகிறவருக்கு அந்த வேலை பாதியிலேயே நிற்கும். அந்த நிலையில் ஹிட் செய்தால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியும்: கால் கனக்கும், முட்டி பேச ஆரம்பிக்கும். இன்னொன்று தெரியாது: மீதி நாளெல்லாம் நீங்களே அறியாமல் அசைவைக் குறைத்துக்கொள்வீர்கள். கடைக்கு நடந்து போகிறவர் வண்டியை எடுப்பார், மாடி ஏறித் தண்ணீர் மோட்டாரைப் பார்க்கிறவர் பையனை அனுப்புவார், மத்தியானம் கூடுதலாக ஒரு மணி நேரம் படுப்பார். பயிற்சியில் செலவழித்த 200 கலோரியில் பாதி இப்படியே திரும்பி வந்துவிடும். அதிகப் பசியும் அதோடு சேர்ந்தால் மீதியும் போச்சு. இரண்டு பரோட்டா, சால்னாவோடு, மூன்று நாள் ஹிட்டில் சேர்த்ததைக் கிட்டத்தட்ட ஒரே உட்காரலில் ஈடுகட்டிவிடும்.

ஓய்வு போதவில்லை என்பதைக் கண்டுபிடிக்க வாட்ச் எதுவும் வேண்டாம். காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன்னால், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். பத்து நாள் எண்ணினால் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். 68 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் 76, 78 என்று வந்தால் அன்றைக்கு ஹிட் கிடையாது, நடை மட்டும். இன்னொரு அடையாளம் பயிற்சியிலேயே இருக்கிறது. முதல் சுற்றில் எந்தப் பளுவில் மிதித்தீர்களோ அதையே கடைசிச் சுற்றிலும் ஏறக்குறைய மிதிக்க முடிய வேண்டும். நாலாவது சுற்றிலேயே தொய்ந்துவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சச் சுற்றுகளை வீம்புக்குச் செய்வதில் களைப்பு மட்டும்தான் சேரும்.

நம் பக்கத்து வானிலையையும் இதில் சேர்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறு மணிக்கே காற்றில் ஈரம் பிசுபிசுக்கும். அப்போது வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உடம்பைக் குளிர்விப்பது ஆவியாகிற வியர்வைதான், சொட்டுகிற வியர்வை அல்ல. அதனால் தோலுக்கு ரத்தம் அனுப்பவே இதயம் கூடுதலாக உழைக்கும். டிசம்பரில் செய்த அதே வேகத்துக்கு நாடி பத்து பதினைந்து கூடுதலாக அடிக்கும். தகரக் கூரை போட்ட மாடி ஜிம்மில், விசிறி மட்டும் உள்ள இடத்தில், அந்த மாதங்களில் ஹிட் செய்வது எனக்குச் சம்மதமில்லை. தலை சுற்றல், குமட்டல், சூட்டிலும் குளிர்கிற மாதிரி சிலிர்ப்பு, இதில் எது வந்தாலும் உடனே நிறுத்தி நிழலுக்குப் போய் உடம்பை நனைக்க வேண்டும்.

காற்றும் அப்படித்தான். வேகமாகச் செய்யும்போது சும்மா இருக்கும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு காற்றை, அதுவும் வாய் வழியாக, இழுக்கிறோம். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் வேக ஓட்டம் ஓடும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். லாரிப் போக்குவரத்திலிருந்து இரண்டு தெரு உள்ளே போனாலே வித்தியாசம் உண்டு. கடல் பக்கத்துக் காற்று கிடைக்கிற இடத்தையோ ராயபுரம் ராபின்சன் பூங்கா மாதிரி மரம் உள்ள இடத்தையோ நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹிட்டை உள்ளே, சைக்கிளில்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஹிட்டைச் சேருங்கள் என்கிறேன் என்றால், கொழுப்பை அது நேரடியாக எரிக்கும் என்பதற்காக அல்ல. குறைந்த நேரத்தில் இதயம், நுரையீரல், தசை இவற்றின் திறனை உயர்த்துவதில் ஹிட் சீரான பயிற்சியை முந்துகிறது. இன்றைக்கு உங்களுக்கு மூச்சு வாங்குகிற வேகம், திறன் கூடினால் பேசிக்கொண்டே நடக்கிற வேகமாகிவிடும். அதே 45 நிமிடத்தில் நாலு கிலோமீட்டர் நடந்தவர் நாலரை நடப்பார், அப்புறம் நடுவில் கொஞ்சம் மெது ஓட்டமும் சேர்ப்பார். அப்போது ஒரு நடையின் செலவு 220 என்பது 270, 300 என்று ஏறும். ஹிட் உங்களுக்குத் தரப்போகும் கொழுப்புக் குறைப்பு இந்தச் சுற்று வழியில்தான் வரும்.

செய்முறை இப்படி. முதல் நாலு வாரம் ஹிட் வேண்டாம், நடைக்குள்ளேயே ஏற்ற இறக்கம் வையுங்கள். ஜப்பானில் மத்சுமோட்டோ நகரத்து ஷின்ஷூ பல்கலைக்கழகக் குழு ஒன்று நடுத்தர வயதினருக்கும் முதியவர்களுக்கும் வைத்துப் பார்த்த முறை: மூன்று நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் சாதாரணமாக, ஐந்து தடவை. வெறும் சீரான நடையைவிட இதில் கால் வலுவும் மூச்சுத் திறனும் அதிகம் கூடின. குதிப்பு இல்லை, முட்டிக்கும் நல்லது. வாரத்தில் மூன்று நடையை இப்படி மாற்றுங்கள், மற்ற மூன்றும் பழையபடி. வேகமான மூன்று நிமிடத்தில் உங்களால் ஒரு சின்ன வாக்கியத்துக்கு மேல் பேச முடியக் கூடாது. சாதாரண நடையில் பேச முடியும், பாட முடியாது. இந்த அளவுகோலே போதும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து, நைட் இல்லாத வாரங்களில், இரண்டு நடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சைக்கிள். திங்கள், வியாழன் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் லேசாக மிதித்துவிட்டு, ஒரு நிமிடம் கடினம், ஒன்றரை நிமிடம் லேசு, ஆறு சுற்று, கடைசியில் ஐந்து நிமிடம் தணிப்பது. உங்கள் வயதுக்கு உச்ச நாடித்துடிப்பு தோராயமாக 181 (208-இலிருந்து வயதில் பத்துக்கு ஏழு பங்கைக் கழிப்பது). கடின நிமிடத்தின் முடிவில் 154-க்கும் 163-க்கும் நடுவில் இருந்தால் சரி. முதல் இரண்டு சுற்றில் அது எட்டாது, மூன்றாவதிலிருந்துதான் எட்டும், அதற்காக முதல் சுற்றிலேயே உயிரைக் கொடுத்து மிதிக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று கூட்டி, பத்து வரை போகலாம். நைட் வாரத்தில் ஹிட்டை அடியோடு விட்டுவிட்டு ஆறு நடை. காலையில் வேலை முடிந்து வந்ததும் நடக்காமல், தூங்கி எழுந்து சாயங்காலம் நடந்தால் தூக்கம் கெடாது.

வாரக் கணக்கு: நாலு நடை 880, இரண்டு ஹிட் ஆரம்பத்தில் தலா 170 மாதிரி. மொத்தம் 1220. பழைய 1320-க்குக் கிட்டத்தட்ட பக்கத்தில். நேரம் 270 நிமிடத்திலிருந்து 230 ஆகக் குறைகிறது. மூன்று மாதத்தில் நடை வேகம் கூடும்போது அந்த 1220 பழையதைத் தாண்டிவிடும்.

யாருக்கு எது என்று பொதுவாகக் கேட்டால், என்னிடம் வருகிறவர்களை வைத்துச் சொல்கிறேன். வியாசர்பாடியில் வாரம் நாலு நாள் ஃபுட்பால் ஆடுகிற பையன் தனியாக ஹிட் செய்யத் தேவையே இல்லை. ஓடி நின்று ஓடி நிற்கிற அந்த ஆட்டமே ஹிட்தான். அவனுக்குத் தொப்பை இருந்தால் குறைய வேண்டியது சாப்பாட்டில், சேர வேண்டியது நடை. பாக்ஸிங் பழகுகிறவர்களும் அப்படியே. மூன்று நிமிட ரவுண்ட், ஒரு நிமிட ஓய்வு என்று பையைக் குத்துவதும் ஸ்கிப்பிங் போடுவதும் இதே பயிற்சியின் பழைய வடிவம். இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடும், ஆனால் ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கும் முப்பது வயதுப் பெண், ஏற்கெனவே 20 நிமிடம் நிற்காமல் மெதுவாக ஓடக்கூடியவர் என்றால், ஹிட் அவருக்கென்றே செய்தது மாதிரி. நேரம்தான் அவருக்குத் தட்டுப்பாடு, ஓய்வு அல்ல.

ஐம்பதைத் தாண்டிய, முட்டி தேய்ந்த, பிரஷர் மாத்திரை போடும் அம்மாவுக்கு மூன்று மாதமாவது சீரான நடைதான். பிரஷர் மாத்திரைகளில் சில, டாக்டர்கள் பீட்டா பிளாக்கர் என்று சொல்பவை, நாடித்துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். அவர்கள் நாடி எண்ணிக்கையை நம்பி வேகம் கூட்டினால் ஆபத்து, மூச்சையும் பேச்சையும் வைத்துத்தான் அளக்க வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தளவைப் பற்றி டாக்டரிடம் பேசாமல் எதையும் மாற்றக் கூடாது.

நீங்கள் நாற்பதைத் தொடப்போகிறீர்கள். நம்மவர்களுக்கு மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட இளம் வயதிலேயே வருகிறது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சீக்கிரம் இதய நோய் வந்திருந்தாலும், உங்களுக்கு சர்க்கரை, பிரஷர், சிகரெட் எது இருந்தாலும், ஐந்தாவது வாரத்துக்கு முன்னால் ஒரு டாக்டரைப் பார்த்துப் பிரஷர், சர்க்கரை, ஈசிஜி பார்த்துவிடுங்கள். பயிற்சியின் நடுவே நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி வந்தால் வாயு என்று சொல்லி சோடா குடிக்காமல் நேரே ஆஸ்பத்திரி. இன்னொன்று, முதல் கடும் பயிற்சிக்கு அடுத்த நாள் தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அதுவும் அன்றைக்கே காட்ட வேண்டியது. தசை நொறுங்கிச் சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அடையாளம் அது.

எடை மெஷினில் தினமும் ஏறி மனசு உடைய வேண்டாம். உப்பு, தண்ணீர், நைட் ஷிப்ட் இவற்றாலேயே ஒரு கிலோ மேலும் கீழும் போகும், நீங்கள் வாரத்தில் குறைக்கிற 170 கிராம் அதற்குள் காணாமல் போய்விடும். வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில், தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து மூச்சை லேசாக விட்டு இடுப்பை அளந்து எழுதிவையுங்கள். நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்பது எல்லைக்கோடு. நாலு வாரத்தில் டேப் ஒரு சென்டிமீட்டர்கூட நகரவில்லை என்றால் ஹிட்டைக் கூட்டாதீர்கள். அந்த நாலு வாரத்தில் ஷிப்டுக்கு நடுவே எத்தனை டீ, எத்தனை பரோட்டா என்று எழுதிப் பாருங்கள், மாற்ற வேண்டியது அந்தப் பக்கத்தில் இருக்கும்.